L-ஐத் தவறாகக் கணித்தால் கிரேடியன்ட் டிசென்ட் என்ன செய்யும்?

ஒரு சார்பின் வளைவு எல்லாத் திசைகளிலும் μ-க்குக் குறையாமலும் L-க்கு மேல் போகாமலும் இருந்தால், படி அளவை 1/L என்று வைக்கலாம். f* என்பது சார்பின் மிகக் குறைந்த மதிப்பு என்றால், ஒவ்வொரு படியிலும் f(x) − f* குறைந்தபட்சம் (1 − μ/L) மடங்காகச் சுருங்கும் என்பது உறுதி. இந்த ஒரு வரியை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட நிரல் எழுதும்போது L-இல் தடுக்கி விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கையால் கணக்குப் போட எளிதான ஒரு சார்பை எடுத்துக்கொள்வோம்: f(x, y) = ½(100x² + y²). இங்கே L = 100, μ = 1. படி அளவு s என்றால் ஒவ்வொரு முறையும் x-ஐ (1 − 100s) பெருக்கும், y-ஐ (1 − s) பெருக்கும். s = 0.01 என்றால் x முதல் படியிலேயே பூஜ்ஜியமாகிவிடும். y மட்டும் 0.99 மடங்காக மெதுவாக இறங்கும். s = 0.02, அதாவது 2/L என்றால், x-இன் பெருக்கி −1. அது 1, −1, 1 என்று நிற்காமல் குறி மாறிக்கொண்டே இருக்கும்.

அந்த 2/L-இல் போய் நிற்பது மிகச் சுலபம். தரவு X, இலக்கு y, எடைகள் w, n வரிகள் கொண்ட லீஸ்ட் ஸ்கொயர்ஸில் சிலர் ‖Xw − y‖²/(2n) என்று எழுதுகிறார்கள், சிலர் ½ இல்லாமல் ‖Xw − y‖²/n என்று எழுதுகிறார்கள். முதலாவதன் L என்பது XᵀX/n-இன் மிகப் பெரிய ஐகன் மதிப்பு. இரண்டாவதற்கு அதைப் போல இரு மடங்கு. நிரலில் இரண்டாவது சார்பை வைத்துக்கொண்டு புத்தகத்திலிருந்து முதலாவதன் L-ஐ எடுத்தால், படி அளவு சரியாக 2/L ஆகிவிடும். லாஸ் கொஞ்ச தூரம் இறங்கி ஒரு மட்டத்தில் நின்றுவிடும், 'சரி, குறைந்தபட்சத்துக்கு வந்துவிட்டோம்' என்று தோன்றும். ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் w-க்களை ஒப்பிட்டுப் பாருங்கள். அவை ஒத்துப்போய், அடுத்தடுத்த இரண்டு மட்டும் வேறுபட்டால் இந்தத் தவறுதான்.

```python
# f = ||Xw - y||^2 / n
n = X.shape[0]
L = 2 * np.linalg.norm(X, 2)**2 / n
step = 1 / L
```

2/L என்ற எல்லையை லேசாகத் தாண்டினால் இன்னும் மோசமாக ஏமாற்றும். மேலே சொன்ன சார்பில் s = 0.021 வைத்து (0.000001, 1) என்ற புள்ளியில் தொடங்குங்கள். f முதலில் 0.5, 80 படிகளுக்குப் பிறகு சுமார் 0.017. எல்லாம் நன்றாகப் போவதுபோல் இருக்கும். ஆனால் x ஒவ்வொரு படியிலும் −1.1-ஆல் பெருகுகிறது. 150-ஆவது படியில் f சுமார் 131 ஆகிவிடும். முதல் சில படிகளில் லாஸ் குறைந்தது என்பதை வைத்துப் படி அளவு சரி என்று முடிவு கட்டக் கூடாது.

'எல்லா அம்சங்களையும் ஸ்டாண்டர்டைஸ் செய்துவிட்டேன், அதனால் L = 1' என்பதும் அடிக்கடி காதில் விழும். ஸ்டாண்டர்டைஸ் செய்தால் XᵀX/n-இன் மூலைவிட்டம்தான் 1 ஆகும். ஐகன் மதிப்பு ஆகாது. மூன்று அம்சங்கள் ஒன்றுக்கொன்று 0.9 ஒட்டுறவு கொண்டிருந்தால் மிகப் பெரிய ஐகன் மதிப்பு 1 + 0.9 + 0.9 = 2.8. அப்போது ½ உள்ள சார்புக்குப் படி அளவின் வரம்பு 2/2.8, ஏறத்தாழ 0.71. படி அளவு 1 என்று வைத்தால் அந்தத் திசையில் பெருக்கி −1.8, பத்துப் படிகளில் பிழை 350 மடங்கைத் தாண்டும். மூலைவிட்டத்தின் கூட்டுத்தொகையை L-க்கு மேல்வரம்பாக எடுத்தால் ஆபத்து இல்லை, இங்கே அது 3. ஆனால் அம்சங்கள் நிறைய இருந்து ஒட்டுறவு குறைவாக இருந்தால் வேகம் தேவையில்லாமல் குறையும்.

அப்புறம் 'நேரியல் வேகம்' என்ற சொல். படிக்கு இவ்வளவு என்று பிழை குறையும் எனப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பிழை விகிதத்தில் குறைகிறது. லாக் அளவுகோலில் வரைந்தால்தான் நேர்க்கோடாகத் தெரியும். நம் சார்பில் s = 0.01 என்றால் y-ஐ 1-இலிருந்து 10⁻⁶-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 1375 படிகள் வேண்டும்.

இதே காரணத்தால் நிறுத்தும் நிபந்தனையும் தவறிப்போகிறது. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையிலான தூரம் 10⁻⁶-க்குக் கீழே போனதும் நிறுத்துவது வழக்கம். s = 0.01 வைத்தால் அந்த நகர்வு y-இல் நூறில் ஒரு பங்கு. ஆகவே நிறுத்தும்போது உண்மையான பிழை 10⁻⁴, நினைத்ததைவிட நூறு மடங்கு. அந்த நூறு வேறெதுவும் இல்லை, L/μ தான். நகர்வுக்குப் பதிலாக ‖∇f‖/μ-ஐப் பாருங்கள்; விடையிலிருந்து நாம் இருக்கும் தூரம் அதைத் தாண்டாது. ரிட்ஜ் ரெக்ரெஷனில் (λ/2)‖w‖² சேர்த்திருந்தால் μ-வுக்குப் பதில் λ-வையே போடலாம், ஏனென்றால் μ குறைந்தது λ ஆவது இருக்கும். அதே λ-வை L-உடனும் கூட்ட வேண்டும்.