ஒரே தலைப்ப ரெண்டு இடத்துலயும் ஒட்டாதீங்க: ஒரு சொதி வீடியோ கதை

யூடியூப்ல போட்ட தலைப்பு, டிஸ்கிரிப்ஷன், ஹேஷ்டேக் எல்லாத்தையும் அப்படியே காப்பி பண்ணி ரீல்ஸ்லயும் ஒட்டிருதாவ, நெறைய பேரு பண்ணுத தப்பு இதான். பாளையங்கோட்டைல எங்க மதினி சமையல் வீடியோ போடுதாவ, அவிய சொதி வீடியோவையே எடுத்துக்கிடுவோம்.

யூடியூப்ல அவிய வச்ச தலைப்பு "மறுவீட்டு விருந்து ரகசியம் 😍". கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா சொதி வைக்கத் தெரியாம தேடுத ஆளு அப்படியா டைப் பண்ணுவாங்க? சொதி குழம்புன்னு அடிப்பாங்க, இல்லன்னா sodhi kuzhambu, sothi kulambu ன்னு இஷ்டத்துக்கு அடிப்பாங்க. தலைப்புக்கு 100 எழுத்து வரைக்கும் இடம் உண்டு, ஆனா போன்ல பாதியிலயே வெட்டிரும், அதனால தேடுத வார்த்தை முன்னாடி வரணும்:

```
சொதி குழம்பு | Tirunelveli Sodhi Kuzhambu | தேங்காய்ப்பால் திரியாம
```

டேக்ஸ்ல அரை மணி நேரம் உக்காராதீங்க. அதுக்குப் பெருசா வேலை கிடையாதுன்னு யூடியூப்பே சொல்லுது, எழுத்துப்பிழையா அடிக்குத பேருக்குத்தான் கொஞ்சம் ஒதவும், sothi kulambu வ அங்க போட்டுட்டு வந்துருங்க. அந்த நேரத்துல டிஸ்கிரிப்ஷன்ல எந்த இடத்துல என்ன வருதுன்னு டைம் போடுங்க, வீடியோ சாப்டர் சாப்டரா பிரிஞ்சு தெரியும். 0:00 ல ஆரம்பிக்கணும், கொறஞ்சது மூணு இருக்கணும், ஒவ்வொண்ணும் 10 செகண்டாவது ஓடணும், இதுல ஒண்ணு தப்புனாலும் சாப்டர் வராது.

```
0:00 பால் எடுக்கது
2:10 காய் வேகவைக்கது
5:40 முதல் பால் ஊத்துறது
```

ரீல்ஸ் கத வேற. அங்க பெரும்பாலும் யாரும் தேடி வரல, வெரலால தள்ளிக்கிட்டே போறவன் முன்னாடி நீங்க போய் நிக்கீங்க. மதினி ரீல் "வணக்கம் மக்களே"ன்னு தொடங்கி நாலு செகண்டு கழிச்சுதான் சட்டியக் காட்டுது, அதுக்குள்ள ஆளு போயாச்சு. கேப்ஷன் எவ்வளவு எழுதியிருந்தாலும் மொத வரிக்கு மேல மடங்கித்தான் கெடக்கும். அதனால இங்க தலைப்போட வேலைய மொத ஃபிரேம்ல வர்ற எழுத்துதான் செய்யணும்: முதல் பால் ஊத்துற இடத்துலயே ஆரம்பிச்சு, "கொதிக்க விட்டா திரிஞ்சிரும், நுரை கட்டுனதும் எறக்கிரு"ன்னு பெருசா போட்டுரணும். அதையும் அடில போடாதீங்க, பேரும் கேப்ஷனும் வந்து மூடிரும். கேப்ஷன்ல சொதி, திருநெல்வேலின்னு ரெண்டு வார்த்தை போதும், எதப் பத்துன வீடியோன்னு ஆப்புக்குப் புரியணும்லா, அங்கயும் கொஞ்சம் பேரு தேடத்தான் செய்யுதாவ. ஹேஷ்டேக்க அடுக்கி ஒண்ணும் ஆவப் போறதில்ல.

எது வேலை செய்யுதுன்னு பாக்கணும்னா, நீள வீடியோவுக்கு யூடியூப் ஸ்டுடியோ அனலிட்டிக்ஸ்ல YouTube search உள்ள போனா என்ன வார்த்தை அடிச்சு வந்தாங்கன்னே தெரியும், "சொதி" அதுல இல்லன்னா தலைப்ப மாத்துங்க. இதே ரீல ஷார்ட்ஸ்லயும் போட்டா எத்தன பேரு பாத்தாங்க, எத்தன பேரு தள்ளிட்டுப் போனாங்கன்னு காட்டும். தள்ளுனவங்க ஜாஸ்தின்னா தலைப்பத் தொடாதீங்க, மொத ரெண்டு செகண்ட வெட்டுங்க.

"அப்ப அந்த ரகசியத்த என்ன செய்ய?"ன்னு மதினி கேட்டாவ. தம்ப்நெயில்ல சின்னதா வச்சுக்கிடுங்க, பக்கத்துல சட்டி தெரியட்டும்னு சொன்னேன்.