கண்ட்ரோல் சார்ட்டின் புகைப்படத்தைப் படிப்பது எப்படி: எல்லை மீறிய புள்ளியும் ஒரே பக்கத் தொடரும்

உற்பத்தி வரிசையில் தொங்கும் கண்ட்ரோல் சார்ட்டைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பி, "இதில் ஏதாவது கோளாறு தெரிகிறதா?" என்று கேட்பது இன்று வழக்கமாகிவிட்டது. அப்படி வரும் ஒரு படத்தை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பதை, லேத்தில் கடையப்படும் 25 மி.மீ. விட்டமுள்ள தண்டு ஒன்றின் சார்ட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறேன். மணிக்கு ஒருமுறை ஐந்து தண்டுகளை அளந்து, அவற்றின் சராசரியை மேல் சார்ட்டிலும், ஐந்தில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வேறுபாடான வீச்சைக் கீழ்ச் சார்ட்டிலும் குறித்திருக்கிறார்கள்.

முதல் படி: கோடுகள் எவை என்று உறுதிசெய்யுங்கள். படத்தில் தெரியும் மேல், கீழ்க் கோடுகள் தண்டின் பொறியியல் வரைபடத்தில் வாடிக்கையாளர் கொடுத்த அளவு எல்லைகளாக இருந்துவிட்டால், அதன்பின் செய்யும் எல்லாமே பிழையாகிவிடும். நம் தண்டுக்கு வாடிக்கையாளரின் எல்லைகள் 24.950, 25.050 என்று வைத்துக்கொள்வோம். கட்டுப்பாட்டு எல்லைகளோ இயந்திரம் தானே காட்டிய மாறுபாட்டிலிருந்து கணக்கிடப்படுபவை. சராசரிகளின் சராசரி 25.002 மி.மீ., சராசரி வீச்சு 0.026 மி.மீ. எனில், ஐந்து அளவுகள் கொண்ட மாதிரிக்கான மாறிலி 0.577 என்பதால் மேல் எல்லை UCL, கீழ் எல்லை LCL ஆகியவற்றின் கணக்கு இப்படி அமையும்:

```
UCL = 25.002 + 0.577 × 0.026 = 25.017
LCL = 25.002 − 0.577 × 0.026 = 24.987
```

மையக்கோட்டிலிருந்து எல்லை வரையுள்ள 0.015 மி.மீ. என்பது மூன்று சிக்மா; சிக்மா என்பது மதிப்புகள் எவ்வளவு பரவியுள்ளன என்று காட்டும் திட்டவிலக்கம். ஆகவே ஒரு சிக்மா 0.005 மி.மீ. இது சராசரிகளின் சிக்மா என்பதை மறக்கக் கூடாது. தனித்தனித் தண்டுகளின் சிக்மா 0.011 மி.மீ. அளவுக்குப் பெரியது, அதைக் கொண்டு கோடு வரைந்தால் எல்லைகள் இரு மடங்குக்கும் மேலாக விலகிப்போய், எந்தப் புள்ளியும் எச்சரிக்கை தராது.

இரண்டாம் படி: வீச்சுச் சார்ட்டை முதலில் பாருங்கள். சராசரியின் எல்லைகளே வீச்சிலிருந்து பிறந்தவை என்பதால், வீச்சு நிலையாக இல்லையென்றால் மேல் சார்ட்டின் கோடுகளை நம்ப இயலாது. இங்கே அதன் மேல் எல்லை 2.114 × 0.026, அதாவது 0.055, எல்லாப் புள்ளிகளும் அதற்குள் இருக்கின்றன.

மூன்றாம் படி: எல்லைக்கு வெளியே உள்ள புள்ளிகள். சாய்வாக எடுத்த படத்தில் தாளின் ஒரு முனை சுருங்கித் தெரியும். எனவே இடப்பக்க அளவுகோலைக் கொண்டு தூரத்துப் புள்ளியை மதிப்பிடாமல், அந்தப் புள்ளிக்கு நேர் மேலே ஓடும் எல்லைக்கோட்டோடு ஒப்பிட்டு, இடையிலுள்ள கட்டங்களை எண்ணுங்கள். கோட்டை ஒட்டி நிற்கும் புள்ளியைப் படத்திலிருந்து முடிவுசெய்யாமல், தாளில் எழுதிய எண்ணைக் கேட்டு வாங்குவதே முறை.

நம் சார்ட்டில் 7ஆம் புள்ளி 25.019, எல்லையைத் தாண்டிவிட்டது. அந்த மணிக்கான அளவுகள் 25.008, 25.014, 25.019, 25.022, 25.032. வீச்சு 0.024 தான் என்பதால், ஒரு தண்டு தவறாக அளக்கப்பட்டதல்ல. ஐந்துமே சேர்ந்து மேலே நகர்ந்திருக்கின்றன. இயல்பான பரவலில், கோளாறே இல்லாதபோதும் சுமார் 370 புள்ளிகளுக்கு ஒன்று இப்படி வெளியே விழும். ஆயினும் 20 புள்ளிகளுக்குள் ஒன்று வந்தால் காரணத்தைத் தேடத்தான் வேண்டும்.

நான்காம் படி: தொடர்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். 12 முதல் 19 வரையுள்ள புள்ளிகள்:

```
25.005  25.008  25.006  25.010  25.004  25.007  25.009  25.006
```

எதுவும் எல்லையைத் தாண்டவில்லை. இரண்டு சிக்மாவான 25.012ஐக்கூட எதுவும் தொடவில்லை. ஆனால் எட்டும் மையக்கோட்டுக்கு மேலேயே இருக்கின்றன. நிலையான இயந்திரத்தில் ஒரு புள்ளி மேலே விழும் வாய்ப்பு பாதி. தொடர்ந்து எட்டும் மேலே விழும் வாய்ப்பு 256இல் ஒன்று. 1956இல் வெளியான வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கையேடு வகுத்த எட்டுப் புள்ளி விதி இதுவே. சில ஆலைகள் ஏழு அல்லது ஒன்பது என்று கொள்வதுண்டு. எதுவானாலும் சார்ட்டைப் பார்ப்பதற்கு முன்பே முடிவுசெய்துவிட வேண்டும், பார்த்தபின் மாற்றக் கூடாது.

இந்த எட்டின் சராசரி 25.007, அதாவது ஏறத்தாழ ஒரு சிக்மா நகர்வு. மூன்று சிக்மா எல்லையை மட்டும் நம்பியிருந்தால், இவ்வளவு சிறிய நகர்வு பிடிபடச் சராசரியாக 44 புள்ளிகள் காத்திருக்க நேரும்.

விதி நிறைவேறியது 19ஆம் புள்ளியில். ஆனால் தேட வேண்டியது 12ஆம் புள்ளியின் நேரத்தை. கடைசல் முனை தேய்ந்தால் விட்டம் சிறிது சிறிதாக ஏறும், சார்ட்டில் அது ஏறுமுகமாகத் தெரியும். இங்கோ நிலை 12இல் ஏறி அப்படியே நிற்கிறது. எனவே புதிய முனை பொருத்தியபின் கொடுத்த ஆஃப்செட்டை, அதாவது முனையின் நிலையைத் திருத்தும் அளவைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். காரணம் உறுதியாகி அது சரிசெய்யப்பட்டால் மட்டுமே, அந்தப் புள்ளிகளை விலக்கிவிட்டு எல்லைகளை மறுபடி கணக்கிடுங்கள். அவற்றைச் சேர்த்தே கணக்கிட்டால் மையக்கோடு நகர்வை நோக்கி ஏறிவிடும். அடுத்த முறை இதே பிழை நேரும்போது, எட்டில் சில புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்து தொடர் அறுந்துபோகும்.