மகளின் கல்லூரிப் பணத்தைப் பங்கிலிருந்து இறக்குவது எப்படி: எட்டு ஆண்டு கிளைடு பாத்

2020 ஜனவரியில் 12,300-க்கு மேல் இருந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610-இல் முடிந்தது. இரண்டே மாதத்தில் கிட்டத்தட்ட 38% போய்விட்டது. அதே ஆண்டு நவம்பரில் பழைய இடத்துக்குத் திரும்பியும் வந்தது. பத்து ஆண்டு கழித்துப் பணம் தேவைப்படுபவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஜூனில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியவருக்கு நவம்பர் மீட்சியால் ஒரு பயனும் இல்லை.

தேவைப்படும் தேதி நெருங்க நெருங்கப் பங்குகளின் விகிதத்தைக் குறைத்து, வைப்பு நிதி, பத்திரங்களில் முதலீடு செய்யும் கடன் ஃபண்ட் போன்றவற்றுக்கு ஆண்டுதோறும் கொஞ்சமாக மாற்றுவதுதான் கிளைடு பாத். விமானம் இறங்கும் சரிவுப் பாதையிலிருந்து வந்த பெயர். எந்த ஆண்டு எவ்வளவு என்பதை முதல் நாளே எழுதி வைத்துவிடுகிறோம். சந்தை உச்சத்தில் இருக்கும்போது விற்க மனம் வராது, விழுந்தால் பயம் வரும். இரண்டு நேரத்திலும் முடிவெடுக்கும் வேலை நமக்கு இல்லாமல் போகிறது.

ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். மகளுக்கு இப்போது 10 வயது. 2034 ஜூனில் பொறியியல் கல்லூரியில் சேருவாள். கையில் ₹4 லட்சம் இருக்கிறது.

படி 1: தேதியையும் தொகையையும் எழுதுங்கள்

"2034-இல் 25 லட்சம்" என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். கட்டணம் நான்கு ஆண்டுகளுக்குப் பிரிந்து வருகிறது. இன்று ஆண்டுக்கு ₹3 லட்சம் ஆகும் படிப்பு, ஆண்டுக்கு 8% விலை ஏறும் என்று வைத்துக்கொண்டால், 2034-இல் 5.55 லட்சம், 2035-இல் 6 லட்சம், 2036-இல் 6.5 லட்சம், 2037-இல் 7 லட்சம். மொத்தம் சுமார் ₹25 லட்சம். ஆக, சேரும் நாளில் முழுப் பணமும் ரொக்கமாக இருக்க வேண்டியதில்லை; கடைசி ஆண்டுக்கான பணத்துக்கு இன்னும் மூன்று ஆண்டு அவகாசம் இருக்கும்.

கையிருப்பு 4 லட்சத்துடன் மாதம் ₹13,500 எஸ்ஐபி போட்டு, மொத்தத்துக்கும் சராசரியாக 8% வளர்ச்சி கிடைத்தால் 2034-இல் 25 லட்சத்தைத் தாண்டும். ஏன் 12% என்று போடவில்லை? பாதிப் பயணத்துக்குப் பிறகு பணத்தின் பெரும்பகுதி கடன் ஃபண்டில்தான் இருக்கப்போகிறது. பங்கின் வருமானத்தை எட்டு ஆண்டுக்கும் கணக்கில் எடுத்து எஸ்ஐபி தொகையைக் குறைத்து வைப்பவர்கள்தான், கடைசியில் பற்றாக்குறை தெரிந்ததும் பங்கிலேயே தங்கிவிடுகிறார்கள்.

படி 2: அட்டவணையைப் போடுங்கள்

| ஜூன் மாதம் | பங்கு | கடன் |
|---|---|---|
| 2026, 2027 | 70% | 30% |
| 2028 | 60% | 40% |
| 2029 | 50% | 50% |
| 2030 | 40% | 60% |
| 2031 | 30% | 70% |
| 2032 | 20% | 80% |
| 2033 | 15% | 85% |
| 2034 | 10% | 90% |
| 2035 | 0 | 100% |

இந்த எண்கள் வேதவாக்கு இல்லை. ஒரு விதியை மட்டும் விடாதீர்கள்: அடுத்த மூன்று ஆண்டுக்குள் செலவாகப்போகும் ரூபாய் பங்கில் இருக்கக் கூடாது. 2034 ஜூனில் மிஞ்சும் 10% பங்கு, 2037 கட்டணத்தின் ஒரு பகுதி மட்டுமே. அந்த நேரத்தில் 2020 போல 38% சரிந்தாலும் 25 லட்சத்தில் நட்டம் 95,000 ரூபாய்தான். முழுதும் பங்கில் இருந்தால் ஒன்பதரை லட்சம் போயிருக்கும்.

பங்குப் பக்கத்துக்கு ஒரு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் போதும். ஸ்மால்கேப் ஃபண்டையும் துறை ஃபண்டையும் இந்தக் கணக்கில் சேர்த்தால் 40% என்ற எண்ணுக்கே அர்த்தம் போய்விடும். அவற்றின் சரிவு இன்னும் ஆழமானது. ஏற்கெனவே வரிச்சலுகைப் பங்கு ஃபண்டான இஎல்எஸ்எஸ் இருந்தால், ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக மூன்று ஆண்டுப் பூட்டு உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

படி 3: ஆண்டுக்கு ஒரு நாள் கணக்குப் போடுங்கள்

எக்செல் தாளில் பங்கின் மதிப்பு B2, கடன் ஃபண்டின் மதிப்பு B3, அட்டவணை சொல்லும் விகிதம் B4. மாற்ற வேண்டிய தொகை:

```
=B2-B4*(B2+B3)
```

2030 ஜூன் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பங்கில் ₹7,20,000, கடனில் ₹6,00,000, மொத்தம் 13,20,000. பங்கு 54.5%, இருக்க வேண்டியது 40%, அதாவது 5,28,000. எனவே ₹1,92,000 மாற வேண்டும்.

அதே நாளில் சந்தை 35% விழுந்திருந்தால்? பங்கு 4,68,000, மொத்தம் 10,68,000, நாற்பது சதவீதம் 4,27,200. மாற வேண்டியது வெறும் ₹40,800. சரிவே வேலையின் பெரும்பகுதியை முடித்துவிட்டது. இங்கே ஒரு யூனிட்டைக்கூட விற்காமல் தப்பிக்கவும் வழி உண்டு: எட்டு மாத எஸ்ஐபியை முழுவதுமாகக் கடன் ஃபண்டுக்குத் திருப்பினால் சுமார் ₹1,08,000 சேரும், விகிதம் தானாக 40%-க்கு வந்துவிடும். "விழுந்த சந்தையில் விற்கச் சொல்கிறதே" என்று பலர் கிளைடு பாத்தைக் குறை சொல்வார்கள். விகிதத்தைப் பின்பற்றினால் விழுந்த ஆண்டில் குறைவாகவும் ஏறிய ஆண்டில் அதிகமாகவும் விற்கிறோம். "ஆண்டுக்கு இரண்டு லட்சம் எடுப்பேன்" என்று ரூபாயில் விதி வைத்தால்தான் அந்தக் குறை உண்மையாகும்.

பங்கு விகிதம் அட்டவணைக்குக் கீழே போய்விட்டால், 2031-க்கு முன்பு என்றால் எஸ்ஐபியைப் பங்குப் பக்கம் கூட்டிச் சரிசெய்யலாம். அதன் பிறகு வேண்டாம். கடைசி மூன்று ஆண்டில் பணம் ஒரே திசையில்தான் போக வேண்டும்.

படி 4: வரியைப் பார்த்து மாற்றுங்கள்

ஒரே ஃபண்ட் நிறுவனத்துக்குள் பங்கு ஃபண்டிலிருந்து கடன் ஃபண்டுக்கு "ஸ்விட்ச்" கொடுப்பதும், மாதாமாதம் ஒரு தொகையைத் தானாக மாற்றும் எஸ்டிபி போடுவதும் வரிக் கணக்கில் விற்பனைதான். பணம் வங்கிக்கு வரவில்லை என்பதால் வரி இல்லை என்று நினைப்பது சாதாரணமாக நடக்கும் தவறு.

2024 ஜூலை 23 முதல் உள்ள விதிப்படி, 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டின் லாபத்தில் நிதியாண்டுக்கு ₹1.25 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5%. ஓராண்டுக்குள் விற்றால் 20%. முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகக் கணக்கு. மேலே சொன்ன 1,92,000-இல் லாபம் 40% என்றால் 76,800; வரி பூஜ்யம். இதையே தள்ளிப்போட்டு 2033-இல் ஒரே மூச்சில் விற்று, லாபம் 8 லட்சம் வந்தால் வரி 84,375 ரூபாய். ஒரு ஆண்டில் எல்லை தாண்டும்போல் இருந்தால் பாதியை மார்ச்சிலும் பாதியை ஏப்ரலிலும் விற்கலாம். இரண்டு நிதியாண்டின் விலக்கும் கிடைக்கும்.

கடன் ஃபண்டுக்கு இந்தச் சலுகை இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கியவற்றின் லாபம், எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் உங்கள் வருமான வரி விகிதத்திலேயே போகும். அதனால் வங்கி வைப்பு நிதியோடு ஒப்பிட்டு எது வசதியோ அதை வைத்துக்கொள்ளலாம்.

படி 5: "பாதுகாப்பான" பக்கம் உண்மையில் பாதுகாப்பானதா?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடன் ஃபண்டுக்கு டியூரேஷன் என்றொரு எண் உண்டு. மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டில் இருக்கும். டியூரேஷன் 7 என்றால், வட்டி விகிதம் 1% ஏறும்போது ஃபண்டின் மதிப்பு சுமார் 7% இறங்கும். ஃபண்டின் டியூரேஷன், பணம் தேவைப்பட மீதமுள்ள ஆண்டுகளை விட அதிகமாக இருக்கக் கூடாது. இரண்டு ஆண்டில் தேவையான பணத்தை நீண்டகால கில்ட் ஃபண்டில் வைத்துவிட்டு "அரசுப் பத்திரம்தானே" என்று நிம்மதியாக இருக்க முடியாது. மூன்று ஆண்டுக்கு மேல் என்றால் ஷார்ட் டியூரேஷன் ஃபண்ட், கடைசி ஓராண்டுக்கு லிக்விட் ஃபண்ட் அல்லது வைப்பு நிதி போதும்.

இன்னொன்று கடனின் தரம். 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் திட்டங்களை மூடியபோது, முதலீட்டாளர்களுக்குப் பணம் தவணை தவணையாகத்தான் திரும்பியது. அரை சதவீதக் கூடுதல் வருமானத்துக்காக, தரம் குறைந்த பத்திரங்களை வாங்கும் கிரெடிட் ரிஸ்க் ஃபண்டில் கல்லூரிப் பணத்தை வைப்பது வீண் வேலை.

டார்கெட் டேட் ஃபண்ட் இதையெல்லாம் தானே செய்யாதா?

செய்யும். அமெரிக்காவில் 1994-இல் வந்த ஏற்பாடு அது. ஃபண்டின் பெயரிலேயே ஆண்டு இருக்கும். 401(k) ஓய்வுக்காலக் கணக்குகளில் பெரும்பாலானோர் பணம் இப்படித்தான் இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது, அந்த ஆண்டில் ஃபண்டில் எவ்வளவு பங்கு மிஞ்சும் என்பதை. அமெரிக்க நிறுவனமான வான்கார்டின் ஃபண்டில் ஓய்வுபெறும் ஆண்டிலும் பாதிப் பணம் பங்கில்தான் இருக்கும். ஏழு ஆண்டு கழித்தே 30%-க்கு இறங்கும். ஓய்வுக்குப் பிறகு இருபது ஆண்டு வாழப்போகிறவருக்கு அது சரி. ஒரே நாளில் முழுத் தொகையும் எடுப்பவருக்குச் சரியில்லை. 2010 என்று பெயர் தாங்கிய ஃபண்டுகள் 2008-இல் சராசரியாகக் கால்வாசி மதிப்பை இழந்தன. மிக மோசமானது 40%-ஐத் தாண்டியது. பெயர் ஒன்று, பாதை வேறு வேறு.

இந்தியாவில் தேசிய ஓய்வூதியத் திட்டமான என்பிஎஸ்-இன் ஆட்டோ சாய்ஸ் இதே தத்துவம். அதில் எல்சி 50 என்ற பாதையில் 35 வயது வரை பங்கு 50%. பிறகு ஆண்டுக்கு 2% குறைந்து 55 வயதில் 10%. ஆனால் அது உங்கள் வயதைப் பார்த்து இறங்குகிறது, மகளின் வயதைப் பார்த்து அல்ல. பணமும் ஓய்வுக்காகப் பூட்டியிருக்கும். பாரத் பாண்ட் 2033 போன்ற டார்கெட் மெச்சூரிட்டி ஃபண்டுகளைப் பெயர் பார்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை அந்த ஆண்டில் முதிரும் பத்திரங்கள் மட்டுமே. பங்கும் இல்லை, இறங்கும் பாதையும் இல்லை. ஆனால் 2033-க்கான கடன் பகுதியை அதில் வைக்கலாம், டியூரேஷன் தானாகவே ஆண்டுதோறும் குறைந்துகொண்டு வரும்.

யார் பெயரில்?

மகள் பெயரில் மைனர் கணக்காகத் தொடங்கினால், 18 வயது நிறையும் நாளில் எஸ்ஐபி, எஸ்டிபி, விற்பனை எல்லாம் நின்றுவிடும். அவளுக்கு பான், கேஒய்சி, வங்கிக் கணக்கு எல்லாம் தயார் செய்து, மைனரிலிருந்து மேஜராக மாற்றும் படிவம் கொடுத்த பிறகே கணக்கு திறக்கும். கல்லூரிச் சேர்க்கையும் அதே மாதங்களில்தான் வரும். அதுவரை வரும் லாபமும் பெற்றோர் வருமானத்தோடுதான் சேரும் என்பதால் வரியிலும் மிச்சமில்லை. உங்கள் பெயரிலேயே வைத்து, அவளை நாமினியாகப் போடுவது எளிது.

2034 மார்ச்சில் முதல் ஆண்டுக் கட்டணம் 5.55 லட்சமும் சேமிப்புக் கணக்கிலோ லிக்விட் ஃபண்டிலோ இருக்கட்டும். விடுதிக்கும் மடிக்கணினிக்கும் தனியாக ஒரு லட்சம் சேர்த்து வையுங்கள். சேர்க்கை வாரத்தில் கேட்கும் தொகை, விவரக் குறிப்பில் போட்டதைவிட அதிகமாக இருப்பதுதான் வழக்கம்.