சித்தி வீட்டு கேஸ் மானியம் எங்கே போனது? படிப்படியாகப் பார்ப்போம்

சித்தியின் பெயரில் இருப்பது ஏழைக் குடும்பப் பெண்களுக்கான உஜ்வலா திட்ட கேஸ் இணைப்பு. சிலிண்டருக்கு 300 ரூபாய் கணக்கில் வந்துகொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது. ஏஜென்சியில் கொடுத்த சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல என்னப்பா சொல்றான்?" என்றார்.

முதல் படி, இணைப்பு எந்த வகை என்று பார்ப்பது. 2020 ஜூனுக்குப் பிறகு உஜ்வலா அல்லாத பொது இணைப்புகளுக்கு மானியம் ஏறக்குறைய நின்றேவிட்டது. அந்த வகை என்றால் வங்கிக்கு அலைய வேண்டாம். உஜ்வலாவுக்கு 2025-26 நிதியாண்டில் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு 300 ரூபாய், அதுவும் 9 சிலிண்டர் வரைதான். பத்தாவதுக்கு வராவிட்டால் அது கோளாறு அல்ல.

இரண்டாவது படி, பணம் எந்த வங்கிக்குப் போகிறது என்று கண்டுபிடிப்பது. குழப்பமெல்லாம் இங்கேதான். ஆதார் எண்ணைப் பல வங்கிகளில் கொடுத்திருக்கலாம். ஆனால் மானியம் போவது ஒரே ஒரு வங்கிக்கு. வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ. அமைப்பின் பட்டியலில் உங்கள் ஆதாருக்கு எதிரே கடைசியாக எந்த வங்கி பதிவானதோ, அதற்கு. ஏஜென்சியில் பழைய பாஸ்புக் நகல் கொடுத்திருக்கிறோமே என்பது இங்கே எடுபடாது.

myAadhaar தளத்தில் ஓ.டி.பி. போட்டு நுழைந்து ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று காட்டும் Bank Seeding Status பார்த்தோம். சித்தி ஆறு மாதம் முன்பு வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்கியிருந்தார். அப்போது கையெழுத்திட்ட படிவங்களில் ஆதார் இணைப்பு ஒப்புதலும் ஒன்று. புதிய பாஸ்புக்கில் என்ட்ரி போட்டதும் இரண்டு 300 தெரிந்தன. பணம் நிற்கவே இல்லை, வீடு மாறியிருக்கிறது!

மூன்றாவது படி, பழைய கணக்கே வேண்டுமென்றால் அந்த வங்கிக்குப் போய் ஆதார் இணைப்புப் படிவம் கொடுக்க வேண்டும். ஏஜென்சியால் இதை மாற்ற முடியாது. சில நாள் கழித்து அதே பக்கத்தில் வங்கிப் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். Inactive என்று இருந்தாலும் வங்கிக்குத்தான் போக வேண்டும்.

பட்டியலில் வங்கி சரியாக இருந்தும் பணம் வரவில்லையா? கணக்கு நெடுநாள் பயன்படுத்தாமல் முடங்கியிருக்கலாம், ஆதாரிலும் இணைப்பிலும் பெயர் வேறுவேறாக இருக்கலாம். உஜ்வலாக்காரர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கைரேகையோ முகமோ காட்டிச் செய்யும் ஆதார் சரிபார்ப்பு விட்டுப்போயிருக்கலாம். இதற்கு ஏஜென்சிக்குப் போகலாம், 17 இலக்க எல்.பி.ஜி. ஐ.டி. உள்ள ரசீதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சுற்றறிக்கையில் இருந்த அந்த 10 லட்சம் வருமான வரம்பு. 2016 ஜனவரியில் வந்த விதி இது. இணைப்பு யார் பெயரிலோ அவர் அல்லது அவருடைய கணவன்/மனைவி, இவர்களில் ஒருவருக்கு முந்தைய நிதியாண்டில் வரி விதிக்கத்தக்க வருமானம் 10 லட்சத்தைத் தாண்டினால் மானியம் கிடையாது. இருவர் வருமானத்தையும் கூட்டுவதில்லை. மொத்தச் சம்பளம் 10.8 லட்சமாக இருந்து, கழிவுகள் போக 9.7 லட்சம் என்றால் வரம்புக்குள்தான். "பையன் நல்லா சம்பாதிக்கிறானே, அதனாலயா?" என்று சித்தி கேட்டார். இந்தக் கணக்கில் பையன் வரவே மாட்டான்.