மாட்டு வண்டியை இரவில் ரோட்டில் இறக்கும் முன்: ரிஃப்ளெக்டர், விளக்கு பொருத்தும் முறை

பகலில் மாட்டு வண்டியால் பெரிய தொல்லை வருவதில்லை. தூரத்திலேயே தெரிந்துவிடும், பின்னால் வருபவர் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போய்விடுவார். சிக்கல் இருட்டில்தான். ஆனால் இருட்டில் வண்டி ஓட்டாமலும் இருக்க முடியாது. 1965-ஆம் ஆண்டு இழுவை விலங்குகள் விதிகளின்படி, வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் மதியம் 12 மணி முதல் 3 மணி வரை மாட்டையோ குதிரையையோ வண்டியில் பூட்டக்கூடாது. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டவும் கூடாது. அதனால் கோடையில் பாரம் ஏற்றிய வண்டிகள் விடியலுக்கு முன்பே கிளம்புகின்றன.

இந்த வண்டிகள் மோட்டார் வாகனம் அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் ஓட்டுநர் உரிமமும் பதிவு எண்ணும் இவற்றுக்குத் தேவையில்லை. சைக்கிள் ரிக்‌ஷாவுக்கும் குதிரை வண்டிக்கும் உரிமம் வேண்டுமா என்பதை அந்தந்த மாநிலமும் உள்ளாட்சி அமைப்பும் தீர்மானிக்கின்றன. இதை வைத்து "நமக்குச் சட்டமே இல்லை" என்று நினைத்துவிட வேண்டாம். பொதுச் சாலையில் கவனக்குறைவாக ஓட்டி உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால், எந்த வண்டியாக இருந்தாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவு பாயும். சிவப்பு வட்டத்துக்குள் மாட்டு வண்டி, குதிரை வண்டி, சைக்கிள் படம் போட்ட பலகை இருந்தால் அந்தச் சாலையில் அந்த வண்டி நுழையக்கூடாது.

இனி வேலைக்கு வருவோம். இரண்டு மாடு பூட்டிய டயர் வண்டி, கரும்பு ஏற்றி அதிகாலை 4 மணிக்கு மாநில நெடுஞ்சாலையில் ஆலைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு

மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநர் வண்டியைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்றாலும் 25 மீட்டர் போயாகிவிட்டது. காய்ந்த சாலையில் நிற்க இன்னும் கிட்டத்தட்ட அதே அளவு தூரம் வேண்டும். ஆக மொத்தம் 50 மீட்டர். டிம் லைட்டில் ரிஃப்ளெக்டர் இல்லாத மங்கலான பொருள் கண்ணில் படுவதே ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நிற்க 75 மீட்டர் வேண்டும், தப்பிக்க வழியே இல்லை. நல்ல ரிஃப்ளெக்டர் இதைவிடப் பல மடங்கு தூரத்திலேயே மின்னும். அதனால்தான் நம் கவனம் முழுக்க வண்டியின் பின்பக்கத்தில் இருக்க வேண்டும்.

படி 1: நிறமும் இடமும்

முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். மோட்டார் வாகனங்களுக்கும் இதுவே முறை என்பதால் எதிரே வருபவருக்குப் பார்த்ததும் புரியும். முன்னால் சிவப்பு ஒட்டினால், நம் வண்டி அவருக்கு முன்னே அதே திசையில் போவதாக எண்ணிவிடுவார்.

பின்னால் நடுவில் ஒன்றே ஒன்று ஒட்டுவது பலர் செய்யும் வேலை. அது தூரத்தில் இருந்து பார்த்தால் சைக்கிள் போலத் தெரியும். "சைக்கிள்தானே" என்று ஒட்டி முந்தும் லாரி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரத்தில் உரசும். ஆகவே இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று வேண்டும், அதுவும் வண்டியின் கடைசி விளிம்பில். அகலம் தெரிந்தால்தான் முந்துபவர் இடம் விடுவார்.

உயரம் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே இருக்கட்டும். டிம் லைட் கீழ்நோக்கித்தான் விழும், ஆள் உயரத்தில் ஒட்டியதில் அது சரியாகப் படாது.

படி 2: ஒட்டும் விதம்

ரிஃப்ளெக்டர் டேப்பை மரத்தில் நேராக ஒட்டினால் முதல் மழையிலேயே ஓரம் பிரியும். 5 சென்டிமீட்டர் அகல டேப்பை, 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிய அலுமினியத் தகட்டில் ஒட்டுங்கள். தகட்டைத் துடைத்துக் காயவிட்ட பிறகே ஒட்ட வேண்டும். பிறகு தகட்டை இரண்டு திருகாணியால் பின்சட்டத்தில் முடுக்குங்கள். உடைந்தால் தகட்டோடு மாற்றிவிடலாம்.

முன்னால் நுகத்தடியின் இரு முனையிலும் வெள்ளைத் துண்டு ஒன்று. பக்கவாட்டில் வண்டிச் சட்டத்தில் மஞ்சள். மாட்டின் கால்களில் குளம்புக்கு மேலே ரிஃப்ளெக்டர் பட்டை ஒன்று தளர்வாகக் கட்டலாம். அசையும் ஒளியைப் பார்த்ததும் "ஏதோ விலங்கு" என்று ஓட்டுநருக்குப் புரிந்துவிடும். கொம்புக்கு அடிக்கும் சாதாரண பெயின்ட் பகலில் அழகுதான், இரவில் அதனால் பயனில்லை.

படி 3: பாரம் ஏற்றிய பிறகு மறுபடி பாருங்கள்

நம் கரும்பு வண்டி தடுக்கி விழும் இடம் இதுதான். காலி வண்டியில் எல்லாம் பளிச்சென்று இருக்கும். கரும்பு ஏற்றியதும் தோகை பின்னால் தொங்கி இரண்டு தகட்டையும் மூடிவிடும். வைக்கோல் வண்டியும் இப்படித்தான். அதனால் பாரத்தோடு கட்ட தனியாக ஒரு ஜோடி தகடு வைத்துக்கொள்ளுங்கள். துளையில் கம்பி கோத்து, பாரத்தின் பின் விளிம்பில் இரு ஓரமும் கட்ட வேண்டும். பாரம் இறங்கியதும் கழற்றி வைத்துவிடலாம்.

சோதிக்க இருட்டில் 100 அடி வைத்துப் பின்னால் போய் நில்லுங்கள். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றியோரம் பிடித்து அடியுங்கள். ரிஃப்ளெக்டர் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் மங்கலாகத் தெரிந்து, ஒட்டியதே சரியில்லை என்று நினைத்துவிடுவீர்கள். இரண்டு புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்தால் சரி. ஒன்று மட்டும் தெரிந்தால் மற்றதைத் தோகையோ சாணியோ சேறோ மறைத்திருக்கும். ஈரத்துணி போதும்.

படி 4: விளக்கு

ரிஃப்ளெக்டர் தானாக ஒளி தராது. பின்னால் வருபவர் விளக்கில்லாமல் வந்தாலும், வளைவிலோ மேட்டிலோ அவர் விளக்கு நம் மீது விழாவிட்டாலும், மூடுபனியிலும் அது கைவிட்டுவிடும். அதற்குத்தான் சொந்த விளக்கு. சைக்கிளுக்கு விற்கும் பேட்டரி சிவப்பு எல்.இ.டி. போதும், பின்பக்கம் வலது ஓரத்தில் கட்டுங்கள். நம் நாட்டில் முந்துபவர் வலப்புறம்தான் வருவார். விட்டுவிட்டு மின்னுவதைவிட நிலையாக எரிவதில் தூரத்தை மதிப்பிடுவது எளிது என்பது என் கருத்து.

அச்சுக்குக் கீழே அரிக்கேன் தொங்கவிடும் வழக்கத்தைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் சக்கரமும் பாரமும் மறைப்பதால் பின்னாலிருந்து அரைகுறையாகத்தான் தெரியும். அதை மட்டும் நம்ப வேண்டாம். குதிரை வண்டியில் மின்னும் விளக்கைக் குதிரையின் கண்ணில் படும்படி வைக்காதீர்கள், மிரளும்.

சைக்கிள் ரிக்‌ஷாவில் டைனமோ இருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சக்கரம் நின்றால் விளக்கும் அணையும். சந்திப்பில் நிற்கும் நேரத்தில்தான் பின்னால் இருப்பவருக்கு நீங்கள் தெரிய வேண்டும். ஆகவே பின்விளக்கு மட்டுமாவது பேட்டரியில் இருக்கட்டும்.

படி 5: ஓட்டும்போதும் நிறுத்தும்போதும்

இடது ஓரம் பிடித்து ஓட்டுங்கள். திரும்பும் முன் கையை நீட்டிக் காட்டுங்கள், கையில் டார்ச் இருந்தால் இரவில் தெரியும். மாட்டுக்கு வழி தெரியும் என்று வண்டியிலேயே தூங்குவது பழைய பழக்கம். மாட்டுக்கு வழி தெரியலாம், எதிரே வரும் பேருந்தை அது கணக்குப் போடாது. பல வண்டிகள் வரிசையாகப் போனால் நடுவில் ஒரு கார் நுழைந்து ஒதுங்கும் அளவு இடைவெளி விடுங்கள். கடைசி வண்டியில் விளக்கு எரிகிறதா என்று மற்றவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாட்டை அவிழ்த்து நிறுத்துவதானால் தார்ச்சாலையை விட்டு முழுவதுமாக இறங்குங்கள். அவிழ்த்ததும் வண்டி முன்பக்கம் சாய்ந்து, பின்தகடு வானத்தைப் பார்க்கும். காரின் ஒளி அதில் சரியாகப் படாது. முட்டுக்கட்டை கொடுத்து வண்டியை மட்டமாக நிறுத்திய பிறகு தகடு நேராக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விளக்கை அணைக்காமல் விடுங்கள்.