ஜீப்ரா கோடு வராமலே வெளுத்துப் போகும் வானம்

அக்னி நட்சத்திர வெயிலில், மணி பன்னிரண்டுக்கு, வேலூர் கோட்டை அகழி ஓரம் ஒரு கல்யாண ஜோடியை நிற்க வைத்து இரண்டு தம்பிகள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஜீப்ரா ஆன்லதான்ணா இருக்கு. ஒரு கோடுகூட வரல, வானம் சேஃப்" என்றான் ஒருவன். ஜீப்ரா, வெளிச்சம் அளவு மீறிய இடத்தில் ஸ்க்ரீனில் கோடு போட்டு எச்சரிக்கும் வசதி. ஸ்க்ரீனை எட்டிப் பார்த்தேன். ப்ரொஃபைல் S-Log3, அதாவது வெயிலையும் நிழலையும் சேர்த்து அடக்கிப் பதிய சோனி தரும் லாக் ப்ரொஃபைல். ஜீப்ரா 100. பத்து வருடத்துக்கு முந்தைய என் எரிச்சல் திரும்ப வந்துவிட்டது.

ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வில் விடுவது, வெயிலில் ஸ்க்ரீனைப் பார்த்தே வெளிச்சம் தீர்மானிப்பது போன்றவை இரண்டு ஷூட்டில் தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். தானாகத் திருந்தாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

லாக்கில் எடுத்துக்கொண்டு ஜீப்ராவை 100-இல் வைப்பது

ஜீப்ராவுக்கு வானம், முகம் எதுவும் தெரியாது. நாம் சொன்ன அளவை எந்த இடம் தாண்டுகிறதோ அங்கே கோடு போடும், அவ்வளவுதான். சாதாரண ப்ரொஃபைலில் 100 என்று வைத்தால் சரியாக எச்சரிக்கும். S-Log3 அப்படியில்லை. சென்சார் நிரம்பி வழிந்தாலும் சிக்னல் சுமார் 94 சதவீதத்தோடு நின்றுவிடும். 100-இல் காவல் வைப்பது, திருடன் வராத தெருவில் கூர்க்காவை நிறுத்துவது மாதிரி.

நான் இதைக் கற்றுக்கொண்டது மயானக் கொள்ளை அன்று. மகா சிவராத்திரி முடிந்த அமாவாசையில் பாலாற்றங்கரைக்குத் தேர்கள் வருமே, அதை மணலில் உட்கார்ந்து கீழிருந்து மேலாக எடுத்தேன். தேருக்குப் பின்னால் சூரியன், சுற்றிலும் வெள்ளை மேகம். ஐ.எஸ்.ஓ. 800, ஷட்டர் 1/50, f/4, லென்ஸில் வெளிச்சத்தை நான்கு ஸ்டாப் குறைக்கும் என்.டி. ஃபில்டர். நிழலில் இருந்த முகங்கள் தெரிய வேண்டுமே என்று அப்படி வைத்தேன். நேர் வெயிலில் இருக்கும் பொருளுக்கு இந்த செட்டிங்கில் எட்டு ஸ்டாப் என்.டி. வேண்டும். அதாவது நான்கு ஸ்டாப் அதிகமாக விட்டிருக்கிறேன். கோடு வரவில்லை, எனவே கவலையும் வரவில்லை.

வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று கிராஃபாகக் காட்டும் ஹிஸ்டோகிராமும் சேர்ந்து ஏமாற்றியது. வலது ஓரத்தில் கொஞ்சம் காலி இடம் தெரிந்ததால் இன்னும் இடம் இருக்கிறது என்று நினைத்தேன். லாக்கில் அந்தக் காலி இடத்துக்கு எதுவும் போகாது. பார்க்க வேண்டியது அதற்கு முன்னால் கிராஃப் எப்படி முடிகிறது என்பதைத்தான். சரிவாக இறங்கினால் பிழைத்தோம். சுவர் மாதிரி செங்குத்தாக நின்றால் மேகம் போய்விட்டது.

வீட்டில் எடிட்டில் வெளிச்சத்தைக் குறைத்தபோது மேகம் திரும்பி வரவில்லை. வெள்ளை சாம்பல் நிறமாக மாறியது, அவ்வளவுதான். தேரின் பூ அலங்கார ஓரத்தை அந்தச் சாம்பல் தின்றிருந்தது. வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்ம் கிராஃபில் மேலே ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு கோடு. f/8 வைத்து இரண்டு ஸ்டாப் குறைத்திருந்தால் மேகமும் தப்பியிருக்கும், முகங்களையும் எடிட்டில் தூக்கியிருக்கலாம். அம்மனை இன்னொரு தரம் வரச் சொல்ல முடியுமா?

உங்கள் கேமராவின் உச்சம் எது என்று யாரையும் கேட்க வேண்டாம். ஷூட்டுக்கு எடுக்கும் அதே ப்ரொஃபைல், அதே ஐ.எஸ்.ஓ. வையுங்கள். எரியும் பல்பைக் காட்டி, அபெர்ச்சரை முழுசாகத் திறந்து வேண்டுமென்றே வெளுக்க விடுங்கள். அப்புறம் ஜீப்ராவை 100-இலிருந்து ஒவ்வொன்றாகக் குறையுங்கள். எந்த எண்ணில் கோடு முதலில் தோன்றுகிறதோ அதுதான் உச்சம். ஷூட்டில் அதற்கு ஒன்று கீழே வையுங்கள். ப்ரொஃபைல் மாற்றினால் சோதனையும் மறுபடி. பானசோனிக்கின் V-Log L சுமார் 80-லேயே நின்றுவிடும், 94 என்று மனப்பாடம் செய்தவர் அங்கேயும் ஏமாறுவார்.

நீலத்தை மறப்பது

பல கேமராக்களில் ஹிஸ்டோகிராம் மொத்த வெளிச்சத்தைத்தான் காட்டும். அந்தக் கணக்கில் நீலத்தின் பங்கு சுமார் 7 சதவீதம் மட்டுமே. ஆக, சாதாரண ப்ரொஃபைலில் எடுக்கும்போது நீல சேனல் மட்டும் முட்டி நின்றாலும் கிராஃப் சாதுவாக இருக்கும். அந்த இடத்தில் வானம் மயில்கழுத்து நிறத்துக்கு ஓடிவிடும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் வசதி இருந்தால் அதில் நீலத்தைப் பாருங்கள். இல்லையென்றால் அரை ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள்.

சூரிய வட்டத்தில் வரும் கோட்டுக்குப் பதறுவது

விட்டுவிடுங்கள்.

இல்லாத வானத்தைக் காப்பாற்றுவது

அந்தத் தம்பியின் கேமராவில் ஜீப்ராவை 93-க்கு இறக்கினேன். வானம் முழுக்க கோடு கோடாக வந்தது. பயந்துபோய் வெளிச்சத்தைக் குறைக்கப் போனான். குறைத்தால் கோடு போகும், ஆனால் மாப்பிள்ளை முகமும் கருத்துவிடும். மே மாத நண்பகலில் எங்கள் ஊர் வானம் புழுதி கலந்த வெளிறிய வெள்ளை. மேகமும் இல்லை, நீலமும் இல்லை, மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? ஜோடியைத் திருப்பி நிற்கச் சொல்லி, பின்னால் கோட்டையின் கருங்கல் சுவர் வருகிற மாதிரி கேமராவை வைக்கச் சொன்னேன். கோடு மேலே ஒரு மூலையில் மட்டும் மிஞ்சியது.