எந்த ஆண்டானாலும் மூன்றாவது வியாழன் என்ன தேதி? கண்டுபிடிப்பது இப்படித்தான்

யுனெஸ்கோவின் உலகத் தத்துவ நாள் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமையில் வரும். அதனால் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024-இல் 21, 2025-இல் 20. அடுத்து வரும் ஆண்டுகளுக்கு எப்படிக் கண்டுபிடிப்பது என்று அந்த நாளை வைத்தே பார்க்கலாம். மற்ற மாதங்களுக்கும் இதே வழிதான்.

படி 1: எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மாதத்தின் முதல் வியாழன் 1-ஆம் தேதிக்கு முன்னால் வர முடியாது, 7-ஆம் தேதியைத் தாண்டவும் முடியாது. இரண்டு வாரம் கூட்டினால் மூன்றாவது வியாழன். ஆக, அது 15 முதல் 21 வரைதான் இருக்க முடியும். உங்கள் விடை 14 அல்லது 22 என்று வந்தால் கணக்கில் எங்கோ தப்பு.

இங்கே பலர் வழுக்குவார்கள். 'மூன்றாவது வியாழன்' வேறு, 'மூன்றாவது வாரத்து வியாழன்' வேறு. 2024 நவம்பர் 1 வெள்ளிக்கிழமை. ஞாயிற்றில் தொடங்கும் காலண்டரில் முதல் வரிசையில் 1, 2 என்று இரண்டே தேதிகள். அதில் வியாழனே கிடையாது. மூன்றாவது வரிசையில் விரலை வைத்தால் 14 கிடைக்கும், அது இரண்டாவது வியாழன். வரிசையை எண்ணாதீர்கள், வியாழன்களை எண்ணுங்கள்.

படி 2: 1-ஆம் தேதி என்ன கிழமை?

இது மட்டும் தெரிந்தால் போதும். 2026 நவம்பர் 1 ஞாயிறு. அங்கிருந்து திங்கள் 2, செவ்வாய் 3, புதன் 4, வியாழன் 5. ஐந்தோடு 14 கூட்டினால் 19. 2026-இன் தத்துவ நாள் நவம்பர் 19.

1-ஆம் தேதியே வியாழனாக இருந்தால் அதையும் முதல் வியாழனாக எண்ண வேண்டும். 2029 நவம்பர் அப்படித்தான் தொடங்குகிறது, அந்த ஆண்டு விடை 15.

படி 3: காலண்டர் கையில் இல்லாதபோது

ஓர் ஆண்டின் விடை தெரிந்தால் அடுத்த ஆண்டுக்குக் காலண்டரே வேண்டாம். 365 நாள் என்பது 52 வாரமும் ஒரு நாளும். அதனால் அதே தேதி மறு ஆண்டு ஒரு கிழமை தள்ளிப்போகும், வியாழனின் தேதி ஒன்று குறையும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு குறையும். 15-க்குக் கீழே போனால் 7 கூட்டிவிடுங்கள்.

2026-இல் 19, 2027-இல் 18. 2028 லீப் ஆண்டு, ஆகவே 16. 2029-இல் 15. 2030-இல் 14 என்று வரும், 7 கூட்டினால் 21.

ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்கு மட்டும் ஒரு வித்தியாசம். அவற்றின் மூன்றாவது வியாழன் பிப்ரவரி 29-க்கு முன்பே வந்துவிடுவதால், லீப் ஆண்டின் பாதிப்பு மறு ஆண்டில்தான் தெரியும். 2028 ஜனவரியில் மூன்றாவது வியாழன் 20, 2029 ஜனவரியில் 18.

படி 4: எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில்

பத்து இருபது ஆண்டுகளுக்கு ஒரேயடியாக வேண்டுமென்றால் கையால் போடுவது வீண் வேலை. A2 கட்டத்தில் ஆண்டை எழுதி, B2-இல் இதைப் போடுங்கள்:

```
=DATE(A2,11,21)-MOD(WEEKDAY(DATE(A2,11,21))+2,7)
```

இது 21-ஆம் தேதியில் நின்றுகொண்டு, வியாழன் வரும்வரை பின்னால் நடக்கிறது. `WEEKDAY` ஞாயிற்றை 1 என்று எண்ணும், வியாழன் 5. ஐந்தோடு 2 கூட்டினால் 7, ஏழால் வகுத்தால் மீதி 0. அதாவது 21-ஆம் தேதியே வியாழன் என்றால் நகர வேண்டியதில்லை. 2025-இல் 21 வெள்ளி, அதன் எண் 6. ஆறும் இரண்டும் எட்டு, மீதி 1. ஒரு நாள் பின்னால் போனால் 20.

விடையாக 45981 மாதிரி ஓர் எண் வந்தால் பயப்பட வேண்டாம், அதுவும் 2025 நவம்பர் 20-தான். கட்டத்தின் வடிவத்தைத் தேதியாக மாற்றினால் சரியாகிவிடும்.

வேறு மாதம் வேண்டுமென்றால் சூத்திரத்தில் இரண்டு இடத்திலும் 11-ஐ மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பிழைச் செய்தி எதுவும் வராது, தேதியும் 15-க்கும் 21-க்கும் நடுவிலேயே இருக்கும், ஆனால் கிழமை தவறிவிடலாம். அதனால் பக்கத்துக் கட்டத்தில் `=TEXT(B2,"dddd")` என்று போட்டு, வருவது வியாழன்தானா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.